ஐந்து தாளிலும் இருபது: சண்டை போடாமலே தோற்றுக்கொண்டிருந்த ஒரு மாணவர் குழு

ஏழாவது வாரத் திங்கட்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு மாணவி மட்டும் போகாமல் நின்றார். அவர் ஒரு குழுவின் தலைவி. "மிஸ், என்னை இந்தக் குழுவில இருந்து எடுத்துவிடுங்கோ. நான் தனியாச் செய்து தாறன்" என்றார். ஏன் என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "ஒருத்தர் ஒண்டுமே செய்யிறேல்ல மிஸ். மற்றவை எல்லாத்துக்கும் ஓகே சொல்லீனம், ஆனா ஒரு வேலையும் முடியேல்ல."

அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் இடைக்கால சக மதிப்பீட்டுத் தாள்களை வாங்கியிருந்தேன். ஒவ்வொருவரிடமும் நூறு புள்ளி இருக்கும். தன்னையும் சேர்த்து ஐந்து பேருக்கு, உழைப்புக்கு ஏற்றபடி அதைப் பகிர வேண்டும். இந்தக் குழுவின் ஐந்து தாளிலும் 20, 20, 20, 20, 20 என்றே இருந்தது. "ஒண்டுமே செய்யிறேல்ல" என்று இப்போது அழும் தலைவியும் அந்த ஒருவருக்கு 20 போட்டிருந்தார்.

இந்த முரண்பாட்டிலிருந்துதான் நான் ஆய்வைத் தொடங்கினேன். ஐந்து பேரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு, அவரவர் ஊரைக்கொண்டே குறிப்பிடுகிறேன்.

கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தில் வணிக முகாமைத்துவம் முதலாமாண்டு. பன்னிரண்டு வார ஒப்படை. பதிவுப் பட்டியல் வரிசையில் நானே குழு பிரித்தேன். தலைவி யாழ்ப்பாணம், வெள்ளவத்தையில் போடிங். ஏ.எல். மூன்றாம் தடவை எடுத்து வந்தவர் என்பதால் மற்றவர்களைவிட இரண்டு வயது மூத்தவர். முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் 'அக்கா'. அடுத்தவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், மூன்று மொழியும் சரளம். மூன்றாமவர் ஹட்டனிலிருந்து வந்த மாணவி. நன்றாகப் படிப்பார், ஆனால் ஆங்கிலம் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். நான்காமவர் தெஹிவளை முஸ்லிம் மாணவர். ஐந்தாமவர் வத்தளை. தலைவி குறை சொன்ன 'ஒருத்தர்' இவர்தான்.

தலைப்பை அவர்களே எடுத்தார்கள்: புறக்கோட்டையின் சிறு கடைகள் லங்கா கியூஆர் மூலம் பணம் வாங்கத் தயங்குவது ஏன்? நல்ல தலைப்பு. 60 கடைகளில் வினாக்கொத்து நிரப்பி, பகுப்பாய்வு செய்து அறிக்கை தர வேண்டும். ஏழாம் வாரத்தில் கையில் இருந்தவை 23 தாள்கள்.

சக விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னேன். "அது ஸ்டோமிங், அதாவது குழு கொந்தளிக்கும் நிலை, விட்டுவிடுங்கள், தானாகத் தெளியும்" என்றார். முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. குழு வேலை பற்றிப் படித்த யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். தலைவி அழுகிறார், ஒருவர் மீது குற்றச்சாட்டு, வேலை நின்றுவிட்டது. இதைவிடக் கொந்தளிப்பு என்ன வேண்டும்? ஆனால் அந்த ஐந்து இருபதுகள் இதோடு ஒத்துப்போகவில்லை. கொந்தளிக்கும் குழு அப்படித் தாள் நிரப்பாது.

குழு வளர்ச்சிக் கட்டங்களை நாம் பாடமாகச் சொல்லும்போது ஒரு விடயத்தை விட்டுவிடுகிறோம். புரூஸ் டக்மன் 1965இல் ஐம்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து நான்கு கட்டங்களைச் சொன்னார்: உருவாதல், கொந்தளித்தல், நெறிப்படுதல், செயற்படுதல். 1977இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து கலைதல் என்ற ஐந்தாவதைச் சேர்த்தார். இதெல்லாம் எல்லாக் குறிப்புப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் இரண்டு தடங்களில் விவரித்தார் என்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஒரு தடம் ஆளுக்கு ஆள் உள்ள உறவு, மற்றது வேலை. உருவாதல் கட்டத்தில் உறவுத் தடத்தில் ஒருவரையொருவர் சோதித்துப் பார்ப்பதும் யாரையாவது சார்ந்து நிற்பதும் நடக்கும். வேலைத் தடத்தில், இது என்ன வேலை, எப்படிச் செய்வது என்று திசை தேடுவார்கள். நெறிப்படுதலில் உறவுத் தடத்தில் 'நாங்கள்' என்ற ஒட்டுதல் வரும். வேலைத் தடத்தில் அவரவர் நினைப்பதை வெளிப்படையாகப் பேசிக்கொள்வார்கள்.

உறவுத் தடத்தில் பார்த்தால் என் குழு ஏதோ நெறிப்பட்ட குழு மாதிரிதான் தெரிந்தது. கன்டீனில் ஒரே மேசை. தலைவியின் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய பருத்தித்துறை வடை எல்லோருக்கும் போகும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். ஆனால் வேலைத் தடத்தில் அவர்கள் எங்கே நின்றார்கள்? அதைப் பார்க்க வாட்ஸ்அப் உரையாடலையும் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கினேன். தேடியது ஒன்றைத்தான்: ஒருவர் ஒரு யோசனை சொல்லி, இன்னொருவர் காரணத்தோடு மறுத்த இடம்.

ஆறு வாரத்தில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. மூன்றாம் வாரம், நான்கு செய்தி.

கொட்டாஞ்சேனை: "ஆம் / இல்லை போதும். கடைக்காரங்களுக்கு நேரமில்ல."
தலைவி: "அப்பிடிச் செய்தா அனாலிசிஸ் செய்யேலாது. அஞ்சு படி வைப்பம்."
தெஹிவளை: "ரெண்டையும் பார்ப்போமே."
கொட்டாஞ்சேனை: "சரி அக்கா, உங்க இஷ்டம்."

அதற்குக் கீழே மூன்று கட்டைவிரல்கள். அதோடு முடிந்தது. இதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் "ஓகே அக்கா", நேரம் மாற்றும் அறிவித்தல்கள், பிறகு மீம்கள்.

அடுத்து 23 வினாக்கொத்துகளையும் மேசையில் பரப்பினேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான். பதினான்கில் ஏழாம் கேள்வி இப்படி இருந்தது: "கியூஆர் மூலம் பணம் பெறுவது பாதுகாப்பானது என நினைக்கிறீர்களா? ஆம் / இல்லை." மற்ற ஒன்பதில், "கியூஆர் மூலம் பணம் பெறுவது பாதுகாப்பானது" என்ற கூற்றுக்குக் கீழே ஒன்று முதல் ஐந்து வரை வட்டங்கள். "உங்க இஷ்டம்" என்று சொன்னவர் தன் தாளையே அச்சடித்துக் கொண்டுபோய் 14 கடைகளில் நிரப்பியிருக்கிறார். தலைவி தன் தாளை 9 கடைகளில். நான்கு வாரமாக இருவருக்கும் இது தெரியும். மற்ற மூவருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

இரண்டையும் சேர்க்க முடியாது. 'ஆம்' என்றவர் ஐந்து படியில் 4 சொல்லியிருப்பாரா 5 சொல்லியிருப்பாரா என்பது தெரியாது. ஐந்து படியை ஆம் / இல்லையாகச் சுருக்கலாம் என்றால், நடுவில் 3 போட்டவர்களை எங்கே வைப்பது? அந்த ஒன்பது தாளில் நான்கு பேர் 3 போட்டிருந்தார்கள். தயங்குகிறவர்கள் அவர்கள்தான். தலைப்பே தயக்கம் பற்றியது.

ஆகவே என் கணிப்பு இப்படி மாறியது. இந்தக் குழு கொந்தளிப்பில் மாட்டிக்கொள்ளவில்லை. கொந்தளிப்புக்குள் போகவே இல்லை. நட்பு முந்திக்கொண்டு போய்விட்டது, வேலை உருவாதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது. தலைவியின் கண்ணீர் குழுவுக்குள் வந்திருக்க வேண்டிய மோதல். உள்ளே இடமில்லாததால் என்னிடம் வந்தது. வெளியே குமுறலும் உள்ளே அமைதியும் இருந்தால் அதைக் கொந்தளிப்புக் கட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி எடுத்துக்கொண்டு 'தானாகத் தெளியும்' என்று விட்டால், பன்னிரண்டாம் வாரம் வரை அதே அமைதிதான் இருக்கும்.

ஏன் உள்ளே இடமில்லை? இந்த இடத்தில் முரண்பாட்டைக் கையாளும் பாணிகள் உதவுகின்றன. கென்னத் தோமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் தந்த சட்டகம் இரண்டு கேள்விகளில் நிற்கிறது: என் தேவைக்காக எவ்வளவு நிற்கிறேன், மற்றவர் தேவைக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறேன்? இரண்டும் குறைவென்றால் தவிர்த்தல். என் தேவை மட்டும் என்றால் போட்டியிடல், மற்றவர் தேவை மட்டும் என்றால் விட்டுக்கொடுத்தல். இரண்டிலும் பாதிப் பாதி சமரசம். இரண்டையும் முழுதாகத் தேடினால் கூடித் தீர்த்தல். எந்தப் பாணியும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை, சந்தர்ப்பம்தான் அதைத் தீர்மானிக்கிறது. தோமஸும் கில்மனும் தயாரித்த 30 சோடிக் கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தை நான் கொடுக்கவில்லை. தன்னைப் பற்றித் தான் சொல்வது அது. எனக்கு வேண்டியது மாணவர்கள் செய்தது, அது ஏற்கனவே காகிதத்தில் இருந்தது.

கொட்டாஞ்சேனை மாணவரின் "உங்க இஷ்டம்" வாசிக்கும்போது விட்டுக்கொடுத்தல் மாதிரி இருக்கும். ஆனால் விட்டுக்கொடுத்தவர் மற்றவர் கேட்டபடி செய்வார். இவர் செய்யவில்லை. வாயால் ஒத்துக்கொண்டு, பிரச்சினையை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தன் வழியில் போனார். அது தவிர்த்தல். இந்த இரண்டையும் பிரித்தறிய சொல்லைப் பார்த்துப் பயனில்லை, அடுத்த வாரம் அவர் கையில் எந்தத் தாள் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

உண்மையாக விட்டுக்கொடுத்தவர் தெஹிவளை மாணவர். அவருடைய விட்டுக்கொடுத்தல் குழுவுக்கு இரண்டு நாளைத் தின்றது. நான்காம், ஐந்தாம் வாரங்களில் தலைவி கள வேலைக்கு வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையைக் குறித்தார், அன்று அந்த நேரம் வகுப்பு இல்லை என்பதால். வெள்ளி மதியம் ஜும்மாவுக்காகப் புறக்கோட்டையில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். தெஹிவளை மாணவருக்கு இது தெரியாமலா இருக்கும்? அவரே தொழுகைக்குப் போக வேண்டியவர். "அக்கா பிளான் போட்டுட்டாங்க, நான் குழப்ப வேணாம்னு நெனச்சேன் மிஸ்" என்றார் பின்னால். தொழுகையை முடித்துவிட்டு ஓடி வந்து சேர்ந்திருக்கிறார். முதல் வெள்ளி மூடிய கதவுகளைப் பார்த்துத் திரும்பிய பிறகும், அடுத்த வெள்ளிக்கும் அதே நேரம் குறிக்கப்பட்டது. ஏனென்றால் அது எதேச்சை என்று தலைவி நினைத்தார், அவருக்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

தலைவியை 'அதிகாரம் செய்கிறவர்' என்று ஒரு முத்திரை குத்திவிடலாம். அதுவும் தவறாகிவிடும். அளவுத்திட்டம் பற்றிய விவாதத்தில் அவர் போட்டியிட்டார் என்பது சரி. வத்தளை மாணவர் விடயத்தில் அவரும் தவிர்த்தார். ஆறு வாரமாக ஒரு தடவைகூட "ஏன் வரேல்ல?" என்று கேட்கவில்லை. ஐந்து மணிக் கூட்டங்களுக்கு வராதவரைப் பற்றி மற்ற மூவரிடமும் பேசினார், பிறகு என்னிடம் பேசினார். வத்தளை மாணவர் பின்னேரம் நான்கிலிருந்து இரவு பத்து வரை ஒரு சுப்பர் மார்க்கெட்டில் காசாளர் வேலை செய்கிறார். வீட்டு நிலைமை அப்படி. அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

ஹட்டன் மாணவி பேசாதது வேறு கதை. கூட்டம் தமிழில்தான் நடந்தது, ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில். நான் சொன்னால் எழுதச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, யோசனையே சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இத்தனைக்கும் குழு ஒரு முக்கிய முடிவை எடுத்திருந்தது. அறிக்கையை ஐந்து சம பங்காகப் பிரித்து ஆளுக்கொன்று. எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. அது சமரசம், மிக மலிவான சமரசம். யாரும் எதையும் விவாதிக்கத் தேவையில்லாதபடி வேலையை வெட்டிக் கொடுத்துவிட்டது. ஒருவர் எழுதிய இலக்கிய மீளாய்வு வாடிக்கையாளரின் நம்பிக்கை பற்றிப் பேசுகிறது, வினாக்கொத்தோ கடைக்காரரைக் கேட்கிறது. சம பங்கு என்ற ஏற்பாட்டைப் பார்த்தாலே எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. மாணவர் குழுக்களில் அது பெரும்பாலும் பேசாமல் இருப்பதற்கான ஒப்பந்தம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூத்தவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாமல் இருப்பது நம்மிடையே மரியாதை. 'அக்கா' என்று கூப்பிட்ட வாயால் "நீங்கள் சொல்வது பிழை" என்று சொல்வது லேசில்லை. ஆகவே ஐந்து பேரும் கோழைகள் என்றோ அக்கறையற்றவர்கள் என்றோ இதை வாசிக்கக் கூடாது. அவர்கள் நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டார்கள், அந்த நல்ல பழக்கம் வினாக்கொத்தைக் காப்பாற்றவில்லை.

எட்டாம் வாரம் ஐந்து பேரையும் தொண்ணூறு நிமிடம் உட்கார வைத்தேன். வத்தளை மாணவருக்காகக் காலை எட்டு மணிக்கு. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மறுபடியும் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள், அல்லது வத்தளை மாணவரை மட்டும் நடுவில் நிறுத்திவிடுவார்கள். ஆளைப் பற்றிய முரண்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, வேலையைப் பற்றிய ஒரே ஒரு முரண்பாட்டை எடுத்தேன். இரண்டு ஏழாம் கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொட்டாஞ்சேனை மாணவரிடம் தலைவியின் தாளுக்காகவும், தலைவியிடம் அவருடைய தாளுக்காகவும் வாதாடச் சொன்னேன்.

பத்து நிமிடம் தடுமாறினார்கள். அப்புறம் விடயம் வெளியே வந்தது. கெய்சர் வீதித் துணிக்கடையில் ஒருவர் துணி அளந்துகொண்டே பதில் சொல்கிறார், கண் தாளில் இல்லை, ஐந்து படியையும் வாசித்துக் காட்டி முடிப்பதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிடுகிறார். இது கொட்டாஞ்சேனை மாணவரின் அனுபவம். அதைத் தலைவி முதல் தடவையாக அவர் பக்கத்திலிருந்து சொன்னார். தலைவிக்கோ புள்ளித்திட்டத்தில் பகுப்பாய்வுக்கு உள்ள பங்கு பயம் தந்தது. அதைக் கொட்டாஞ்சேனை மாணவர் சொன்னார். அதாவது ஒருவருக்கு வேகம் தேவை, மற்றவருக்குத் தரம்பிரித்த பதில் தேவை. 'ஆம் / இல்லையா, ஐந்து படியா' என்று நின்றவரை இரண்டில் ஒன்றுதான் வெல்ல முடியும். தேவையைச் சொன்ன பிறகு மூன்றாவது ஒன்றுக்கு இடம் வந்தது.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" ஹட்டன் மாணவி. மட்டையில் சிறிதிலிருந்து பெரிதாக ஐந்து வட்டம் வரைந்து கொண்டுபோனால், கடைக்காரர் வாசிக்கத் தேவையில்லை, விரலால் தொட்டால் போதும் என்றார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு கொட்டாஞ்சேனை மாணவர் மட்டை தேடி எழுந்தார்.

அந்த ஒரு விடயத்துக்கே நாற்பது நிமிடம் போனது. மற்றவை அதன் பின்னால் தாமாக வந்தன. வெள்ளி மதியம் பற்றித் தெஹிவளை மாணவர் சொன்னார். தலைவிக்கு முகம் சிவந்தது, "முதலே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். வத்தளை மாணவர் தன் வேலை நேரத்தைச் சொன்னார். காலையில் தரவு உள்ளிடுவதையும், சனிக்கிழமை சனக்கூட்டம் சேருமுன் பத்து மணிக்குள் கடைகளுக்குப் போவதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் வாரம் நூலகக் கலந்துரையாடல் அறையில் தலைவியும் கொட்டாஞ்சேனை மாணவரும் உரத்த குரலில் சண்டை போட்டு, நூலகர் வந்து கதவைத் தட்டினாராம். முடிவுரையில் எந்த அட்டவணை முதலில் வர வேண்டும் என்பது சண்டை. அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கணக்கில் அந்தக் குழு கொந்தளிப்புக் கட்டத்துக்குள் கால் வைத்தது அன்றுதான்.

டக்மனின் சட்டகத்துக்கு இங்கே ஒரு வரம்பு இருக்கிறது. அவர் தொகுத்தவற்றில் பெரும்பங்கு சிகிச்சைக் குழுக்களும் பயிற்சிக் குழுக்களும்தான், அதை அவரே குறிப்பிட்டிருக்கிறார். கடைசித் திகதி கழுத்தில் தொங்கும் குழுக்கள் வேறு மாதிரி நகரக்கூடும். கோனி கெர்சிக் 1988இல் எட்டு குழுக்களைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வு, குழு படிப்படியாக வளர்வதில்லை என்றது. முதல் கூட்டத்தில் ஒரு போக்கு விழுகிறது, காலத்தின் நடுப்புள்ளி வரை அதிலேயே கிடக்கிறது, நடுவில் ஒரு உலுக்கல் வருகிறது, வெளியே உள்ள மேற்பார்வையாளரையும் அப்போது தேடுகிறார்கள். பன்னிரண்டு வாரத்தில் ஆறு முடிந்து ஏழின் முதல் நாள் தலைவி என்னிடம் வந்தது இதோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. உலுக்கல் ஏன் அப்போது வந்தது என்பதைக் கெர்சிக் விளக்குகிறார். எது இல்லாமல் குழு நின்றது என்பதை டக்மனின் இரண்டாவது தடம்தான் காட்டியது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருந்தால் நான் பிழையாகக் கணித்திருப்பேன்.

60 கடை நடக்கவில்லை. பழைய பதினான்கில் பதினொரு கடைகளுக்கு மட்டையோடு திரும்பப் போய் அளவுத்திட்டக் கேள்விகளை மட்டும் கேட்டார்கள். மற்ற மூன்றில் உரிமையாளர் அகப்படவில்லை. தலைவியின் ஒன்பது, புதிதாகப் பதினாறு, மொத்தம் 36. அந்தக் குறைவையும் அதன் காரணத்தையும் வரையறைகள் பகுதியில் மறைக்காமல் எழுதினார்கள். நடுத்தரப் புள்ளி கிடைத்தது. செயற்படுதல் கட்டத்தை அவர்கள் எட்டியதாக நான் நினைக்கவில்லை. அதற்கு நேரம் மிஞ்சவில்லை.

என் பங்குக்கும் ஒரு பிழை உண்டு. இடைக்கால மதிப்பீட்டுத் தாளை வகுப்பில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்பச் சொல்லியிருந்தேன். அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு யார் 15 போடுவார்? இறுதித் தாளை ஒவ்வொருவரிடமும் தனியாக, உறையில் வாங்கினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே காரணம் எழுத ஒரு வரி விட்டிருந்தேன்.

இரண்டு தாள்களில் மறுபடியும் ஐந்து இருபதுகள். தலைவி தனக்கு 24 போட்டு, கொட்டாஞ்சேனை மாணவருக்கும் 24 போட்டிருந்தார். வத்தளை மாணவர் தனக்குத்தானே 16 போட்டுக்கொண்டு, "முதல் ஏழு வாரம் இல்லை" என்று எழுதியிருந்தார். ஹட்டன் மாணவியின் தாளில் மற்ற நால்வருக்கும் சிறு சிறு வித்தியாசங்கள், தனக்கு 26. எதிரே ஆங்கிலத்தில் எழுதி, அடித்துவிட்டு, தமிழில் எழுதியிருந்தார்: "மட்டை என் யோசனை."